சோதனை எப்போது தொடங்குகிறது?

பேருந்து முன்பதிவுச் செயலிக்கு ஒரு விதி: ‘புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பு ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.’ ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, முந்தைய தேதியா? சனிக்கிழமை காலை 6 மணிப் பேருந்தை வெள்ளி இரவு 10 மணிக்கு ரத்து செய்பவருக்குப் பணம் உண்டா?

வாட்டர்ஃபால் முறையில் தேவை, வடிவமைப்பு, நிரல் எல்லாம் முடிந்த பிறகே சோதனை. இந்தக் குழப்பம் வெளிவருவதற்குள் தவறான கணக்கு நிரல் முழுக்கப் பரவியிருக்கும்.

வி-மாடலும் வரிசை முறைதான். ஆனால் தேவையை எழுதும்போதே அதற்கான ஏற்புச் சோதனையையும் திட்டமிடுகிறார்கள். அதேபோல வடிவமைப்புக்கு ஒருங்கிணைப்புச் சோதனை, ஒவ்வொரு சிறு பகுதிக்கும் அலகுச் சோதனை. அவற்றை ஓட்டிப் பார்ப்பது நிரல் எழுதிய பிறகுதான். என்றாலும் ‘வெள்ளி இரவு 10 மணி, எதிர்பார்க்கும் விடை என்ன?’ என்று எழுதும்போதே விதியில் உள்ள ஓட்டை தெரிந்துவிடும். வி-மாடலின் உண்மையான பலம் இதுதான்.

அஜைலில் ரத்து வசதியை மட்டும் எடுத்து, பெரும்பாலும் இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்குள் எழுதி, சோதித்து, வாடிக்கையாளரிடம் காட்டிவிடுவார்கள். அடுத்த ஸ்பிரின்ட்டில் தள்ளுபடியைச் சேர்த்தால், பழைய ரத்துக் கணக்கையும் மறுபடி சோதிக்க வேண்டும். இந்த மறுசோதனையைத் தானியங்கியாக்காத குழுவில் சோதனை மெல்ல மெல்லக் கடைசிக்கே தள்ளப்படும். அப்போது அது பெயரளவில்தான் அஜைல்.