வெள்ளைப் படிவு எல்லாம் உப்பு இல்லை: நோபல் பார்க்கில் ஒரு ஐஸ் மெஷினைத் தேடிப்போன கதை

இந்த வார எபிசோடில் லாக் வாசிக்கிறது பற்றி நிறையக் கதைச்சோம். இந்தக் கடிதத்தில அதே விஷயம்தான், ஆனால் சேர்வர் இல்லை. நோபல் பார்க்கில் எங்கட மாமா நடத்துற சின்னச் சாப்பாட்டுக்கடையின் ஐஸ் மெஷின்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மாமா அழைத்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒருக்கா வந்து பார் ராசா. மெஷின் ஐஸ் போடுது, ஆனா கொஞ்சமாத்தான். அதுவும் பால் மாதிரி வெள்ளை." சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் ஓடர், 120 பேர், அத்தனை பேருக்கும் ஃபலூடா. வெளியே வெயில் 36 பாகை. பார்க்க வந்த ஒரு திருத்துநர் ஏற்கனவே இரண்டு தரம் படிவு நீக்கும் மருந்து ஊற்றிக் கழுவிக் காசு வாங்கிவிட்டார். மூன்றாவது தரம் வந்தபோது "புது மெஷின் வாங்குங்கோ, நாலாயிரம் டொலர் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மாமாவும் அவரை நம்பினார். ஏன் என்று எனக்கு விளங்கும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல இருக்கிற ஊர். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை பல இடங்களில் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். கேத்திலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்கிறதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, வெள்ளையா எதைக் கண்டாலும் "தண்ணியில உப்பு" என்றுதான் தோன்றும்.

ஆனால் மெல்பேர்ன் தண்ணீர் வேற. அதில் பெரும்பகுதி தொம்சன், அப்பர் யாரா போன்ற பூட்டி வைத்த மலைக்காட்டு நீரேந்துப் பகுதிகளில் இருந்து வருகிறது. கார்டினியா நீர்த்தேக்கம் எங்கட தென்கிழக்குப் பக்கத்துக்கான பெரிய சேமிப்பு. கடினத்தன்மை பொதுவாக லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழேதான். இங்கே ஐஸ் மெஷினில் உப்புப் படியாது என்று இல்லை, வருஷக் கணக்கில் மெல்லப் படியும். ஆனால் இரண்டு தரம் கழுவிய பிறகும் ஐஸ் வெள்ளையாக வந்தால், முதல் சந்தேகம் உப்பில் இருக்கக் கூடாது.

ஐஸ் ஏன் தெளிவாக வருது?

வீட்டு ஃபிரீசர் தட்டில் தண்ணீர் நாலு பக்கத்தாலும் உறையும். உள்ளே இருக்கிற காற்றும் தாதுவும் போக வழியில்லாமல் நடுவில மாட்டி வெள்ளையாகும். கடை மெஷினில் பம்ப் ஒன்று தண்ணீரைக் குளிர்ந்த தட்டு மேல விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். சுத்தமான தண்ணீர் முதலில் உறையும், மிச்சம் எல்லாம் ஓடுகிற தண்ணீரோடு தொட்டிக்குத் திரும்பிவிடும். மாமாட மெஷின் ஒவ்வொரு சுற்று முடிவிலும் அந்தப் பழைய தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு வால்வைத் திறந்து தொட்டியைப் புதுசாக நிரப்பும். தெளிவான ஐஸுக்கு ஓட்டம்தான் முக்கியம் என்பதை மனசில வைச்சிருங்கோ.

முதலில் லாக்

எதையும் கழற்ற முன், இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தேன். ஐஸ் விழுகிற சத்தம் கேட்ட நேரம் ஒவ்வொன்றையும் ஃபோனில் குறித்தேன், விழுந்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். சுற்றுக்கு 27 நிமிடம், ஒரு தடவைக்கு 410 கிராம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 53 சுற்று. அப்போ 22 கிலோ. மெஷினில் எழுதியிருக்கிறது 40 கிலோ. அந்த 40 குளிர்ந்த அறைக்கான கணக்கு, சூடான குசினியில் முழுசாக வராது. ஆனால் பாதியளவுக்கு விழக் கூடாது.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்துதான் வழி காட்டும். ஐஸின் எடை சரியாக இருந்து சுற்று நீண்டு போனால், குளிரூட்டல் திணறுது என்று அர்த்தம். அநேகமாக எண்ணெயும் தூசியும் பிடித்த கண்டென்சர், கொத்துப் போடுகிற குசினியில் சகஜம். அப்போதும் ஐஸ் தெளிவாகத்தான் இருக்கும். இங்கே சுற்று வழமை மாதிரி, எடைதான் குறைவு. ஐஸ் வெள்ளை, நடுவில குழி. அப்போ மெஷினுக்குத் தண்ணீர் காணாது. (எல்லா மெஷினும் நேரம் பார்த்துச் சுற்றை முடிக்காது. தண்ணீர் மட்டம் பார்த்து முடிக்கிற வகையில் சுற்றே சுருங்கும். எடை குறைவதுதான் இரண்டுக்கும் பொது.)

ஜக்கும் ஸ்டொப்வாட்ச்சும்

மாமா சொன்னார்: "தண்ணி பிரஷர் நல்லாத்தான் இருக்கு, அவர் மீட்டர் வைச்சுப் பார்த்தவர்." இதுதான் பொறி. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைத்த ஃபில்டருக்குப் பின்னாலும் முழு அழுத்தம் காட்டும். ஓடத் தொடங்கினால்தான் அது விழும். நெட்வேர்க்கில் பிங் போகுது, ஃபைல் மட்டும் இறங்காது என்கிற மாதிரி.

மின்சாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் நிறுத்தி, மெஷினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் ஜக்குக்குள்ள விட்டோம். ஃபில்டருக்கு முன்னால ஒரு லிட்டர் நிறைய 10 செக்கன். பின்னால 110 செக்கன். மெஷின் தருகிற இரண்டு நிமிடத்தில் வருவது 1.1 லிட்டர், ஆனால் தொட்டி கேட்பது 2 லிட்டர். அரைவாசித் தண்ணீரோடு சுற்றுத் தொடங்கும், பாதியில் பம்ப் காற்றை உறிஞ்சும், தெளிப்பு விட்டுவிட்டு அடிக்கும். அதனால்தான் குழி, அதனால்தான் வெள்ளை.

ஃபில்டரைத் திறந்தால் உள்ளே தேத்தண்ணிச் சாயத்தில் கலங்கல். சில மாதத்துக்கு முன் தெருவில் குழாய் வேலை நடந்து ஒரு நாள் மண்ணிறத் தண்ணீர் வந்தது மாமாவுக்கு அப்போதான் ஞாபகம் வந்தது. ஃபில்டரில் மாற்றிய திகதி எழுதவே இல்லை. ஒரு விஷயம்: மலிவான டிடிஎஸ் மீட்டர் வைத்து ஃபில்டரைச் சோதிக்காதீங்க. கரி ஃபில்டர் குளோரினையும் கலங்கலையும்தான் பிடிக்கும், கரைந்த தாதுவைத் தொடாது. புதுசோ பழசோ, எண் மாறாது.

அப்போ தொட்டிச் சுவரில் இருந்த வெள்ளை? சுரண்டி எடுத்துக் கொஞ்சம் வினிகர் விட்டேன். சுண்ணாம்பு என்றால் சின்னக் குமிழ் வரும். வரவில்லை, விரலில் வழுக்கியது. அது கிருமிப் படலம். ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும், ரொட்டி மாவின் ஈஸ்ட் காற்றில் பறக்கும், இப்படிப்பட்ட குசினியில் அது இலகுவில் வளரும். படிவு நீக்கும் அமிலம் அதற்குச் சரியான மருந்து இல்லை. கிருமிநீக்கி வேணும். இரண்டையும் ஒருநாளும் கலக்காதீங்க. குளோரின் உள்ள கிருமிநீக்கி அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஒன்றைப் போட்டால் நன்றாக அலசி முடித்த பிறகுதான் மற்றது. தட்டு நிக்கல் பூசியது என்றால் நிக்கலுக்கு ஏற்ற அமிலம் மட்டும்.

வெள்ளி காலை புது ஃபில்டர் போட்டு, முதல் சில லிட்டரை வெளியே ஓட விட்டு, வால்வின் வாயிலிருந்த சின்ன வலையையும் கழுவினோம். ஜக் 14 செக்கனில் நிறைந்தது. கிருமிநீக்கியால் கழுவி, முதல் மூன்று சுற்று ஐஸைக் கொட்டினோம். அதற்குப் பிறகு 27 நிமிடத்துக்கு 690 கிராம், நாளைக்கு 37 கிலோ அளவில. கண்ணாடி மாதிரி.

இவ்வளவும் நீங்களே செய்யலாம். ஆனால் எடை சரி, கண்டென்சரும் சுத்தம், அப்படியும் சுற்று நீளுது என்றால் நிறுத்துங்க. குளிர்வாயுவைத் தொட ஆர்க்டிக் லைசன்ஸ் உள்ளவர்தான் வேணும்.

சனிக்கிழமைக்கு ஐஸ் காணும் என்று மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் நாலு பை வாங்கி வைத்திருந்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. இப்போ ஃபில்டரில் மார்க்கரால் திகதி எழுதியிருக்கு, பக்கத்தில் ஒரு லிட்டர் ஜக் தொங்குது. மாதத்தில் ஒரு நாள் மாமாவே நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்து எனக்கு மெசேஜ் போடுறார். போன மாதம்: "14. பரவாயில்ல."