மாரடைப்புக்குப் பின் தாம்பத்தியம்: இரண்டு மாடிப் படிக் கணக்கு

உடலுறவின்போது இதயத்துக்குக் கூடும் வேலை, பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரியதல்ல. உடல் உழைப்பை மருத்துவர்கள் ‘மெட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி 1 மெட். பழகிய துணையுடனான உறவில் தொடக்கத்தில் இது 2 முதல் 3 மெட் வரை இருக்கும். உச்சக்கட்டத்தில் 3 முதல் 4. வேகம் கூடினால் 5 வரை போகலாம். அந்த உச்சக்கட்டம் நீடிப்பதும் 10, 15 விநாடிதான். நாடித்துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டுவதில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சாதாரணமாக உள்ளவர்களுக்கு அது 170-க்கு மேல் போவதும் அபூர்வம்.

சமதளத்தில் விரைந்து நடப்பதும், நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏறுவதும் ஏறக்குறைய இதே அளவு உழைப்பு. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இதய மருத்துவர்கள் படிக்கட்டைப் பற்றி விசாரிப்பதன் காரணம் இதுதான். 20 நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, பின்பு இரண்டு மாடிப் படியைச் சற்று விரைவாக ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, பேச முடியாத மூச்சிரைப்போ, தலைச்சுற்றலோ வரவில்லை என்றால் இதயம் அந்த வேலைக்குத் தயார் என்று கொள்ளலாம். ஒரு வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அளவுகள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளம் ஆண்களை வைத்து எடுக்கப்பட்டவை. 65 வயதுக்காரருக்கோ, நாள் முழுக்க உட்கார்ந்தே பழகியவருக்கோ அதே 4 மெட் உழைப்பு அவரது உச்ச வரம்பை நெருங்கிவிடக்கூடும். மூட்டுவலியால் படியே ஏற முடியாதவருக்கு ‘டி.எம்.டி.’ எனப்படும் ட்ரெட்மில் பரிசோதனையோ, அதற்கும் கால் ஒத்துழைக்காவிட்டால் மருந்து செலுத்திச் செய்யும் வேறு பரிசோதனையோ தேவைப்படும்.

நாள் கணக்கு இதற்கு அடுத்துத்தான் வருகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சிக்கல் ஏதும் இல்லாத மாரடைப்பு என்றால், மிதமான நடமாட்டத்தில் தொந்தரவு இல்லாத நிலையில், ஒரு வாரத்துக்குப் பிறகு உறவு கொள்ளலாம். அடைப்புகள் அனைத்தும் ஸ்டென்ட் மூலம் சரிசெய்யப்பட்டு, குழாய் செலுத்திய இடமும் ஆறிவிட்டால் சில நாட்களே போதும். பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்கள் 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். அங்கே காத்திருப்பது முக்கியமாக அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூடுவதற்காக. நம் ஊரில் பல மருத்துவர்கள் ஒன்று முதல் ஒன்றரை மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வதுண்டு. நோயாளியின் நிலையைப் பார்த்துச் சொல்லப்படும்போது அது தவறல்ல. ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் சங்கடம். கேட்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் விலகிப் படுப்பவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 56 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. எக்கோவில் பம்பிங் 45 சதவீதம். நான்காம் நாள் வீடு திரும்புகிறார். வலப்பக்கக் குழாயில் இன்னும் 70 சதவீத அடைப்பு மிச்சமிருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்யலாம் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அந்த வரியை வீட்டில் யாரும் படிக்கவில்லை. ‘ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போயிற்று’ என்பதே எல்லோரும் புரிந்துகொண்டது.

பத்தாம் நாள் மொட்டை மாடிக்கு ஏறுகிறார். முதல் மாடி வரை ஒன்றுமில்லை. இரண்டாவது மாடியின் பாதிப் படியில் நெஞ்சுக்கு நடுவே கயிறு கட்டி இழுப்பதுபோல் ஓர் இறுக்கம். கைப்பிடியைப் பிடித்து நின்றதும் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. உழைப்பில் வந்து ஓய்வில் அடங்கும் இந்த இறுக்கம், உழைக்கும் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம். சந்தேகம் விழுவது மிச்சமுள்ள அடைப்பின் மேல். படியில் வந்தது படுக்கையிலும் வரும். எனவே ஒரு வாரம் முடிந்துவிட்டது என்ற நாள் கணக்கு இவருக்குப் பொருந்தாது. அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. இரண்டாவது அடைப்புக்கும் ஸ்டென்ட் வைத்து, சில வாரம் கழித்து ட்ரெட்மில்லில் 7 மெட் வரை வலியோ இ.சி.ஜி. மாற்றமோ இல்லாமல் நடந்துவிட்டார் என்றால், 4 மெட் வேலைக்கு அவரிடம் தாராளமாக இருப்பு இருக்கிறது.

அவர் மனைவி மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கக்கூடியது, “ஸ்டென்ட் நகர்ந்துடாதுங்களா டாக்டர்?” என்பதாகத்தான் இருக்கும். நகராது. உள்ளே பலூனை மிகுந்த அழுத்தத்தில் ஊதித்தான் அந்தக் கம்பி வலையைக் குழாயின் சுவரில் பதிக்கிறார்கள். வேகமாக மூச்சு வாங்குவதாலோ உடல் அசைவதாலோ அது இடம் பெயர்வதில்லை. ஸ்டென்டுக்கு உண்மையான ஆபத்து, ஆஸ்பிரினையும் அதனுடன் சேர்த்துத் தரப்படும் குளோபிடோகிரல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரையையும் தாமாக நிறுத்துவதில் இருக்கிறது. நிறுத்தினால் வலைக்குள் ரத்தம் உறைந்து குழாய் மறுபடி அடைபடலாம். தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தப்பட்டவர்கள் மட்டும், அந்த இடத்தில் வீக்கமோ ரத்தக்கசிவோ இல்லை என்று உறுதியாகும் வரை இடுப்புக்கு அழுத்தம் தரும் எதையும் தவிர்ப்பது நல்லது.

இனி மாத்திரைகள். பெரிய விபத்துகள் நடக்கும் இடம் இதுவே. மாரடைப்புக்குப் பின் ஆண்களுக்கு விறைப்புக் குறைவது சகஜம். பயம் ஒரு காரணம். ஆண்குறிக்குப் போகும் மெல்லிய குழாய்களிலும் அதே கொழுப்புப் படிவு இருப்பது இன்னொன்று. மருத்துவரிடம் கேட்கக் கூசி, மெடிக்கல் ஷாப்பில் சில்டெனாஃபில் அல்லது டடலாஃபில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதயம் நிலையாக இருப்பவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும்போது இவை பொதுவாகப் பாதுகாப்பானவையே. ஆனால் நெஞ்சுவலிக்காகத் தரப்படும் நைட்ரேட் மருந்துகளுடன் சேரவே கூடாது. நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், தினசரி போடும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் ஸ்பிரே எல்லாம் இந்த வகைதான். நிகோராண்டிலுக்கும் இதே தடை உண்டு. இரு மருந்துகளும் ஒரே வழியில் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால், சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து மயக்கம் வரும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தொடக்கூடாது. சட்டைப்பையில் அவசரத்துக்கு ஒரு சார்பிட்ரேட் வைத்திருப்பவர், ‘நான் தினமும் போடுவதில்லையே’ என்று நினைத்துக்கொள்வதில்தான் வினை. வலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ‘முழுக்க மூலிகை’ என்று விற்கப்படும் வீரிய மாத்திரைகளிலும் லேகியங்களிலும் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. அவற்றையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள்மீது பழி விழுவது வழக்கம். ஓரளவு உண்மை உண்டு, ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. 2003-இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் 96 ஆண்களுக்கு அட்டெனோலால் தரப்பட்டது. என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புக் கோளாறு. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் அது சுமார் 16 சதவீதம். இப்படியொரு பக்கவிளைவு வரலாம் என்று சொல்லப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம். பாதி வேலையை மனமே செய்துவிடுகிறது. எப்படியிருந்தாலும் பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நெபிவோலால் போன்ற மாற்று உண்டு. அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

பெண்களிடம் இந்தப் பேச்சே எடுக்கப்படுவதில்லை. படிக் கணக்கு அவர்களுக்கும் அதுவே. மாரடைப்பு வந்த பெண், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் வேறு முறைக்கு மாறுவதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உறவின்போதே மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு? ஜேம்ஸ் முல்லர் குழு 1996-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறியவருக்கு எந்த ஒரு மணி நேரத்திலும் மறுபடி வரும் வாய்ப்பு 10 லட்சத்தில் 10. உறவையொட்டிய இரண்டு மணி நேரத்தில் அது மணிக்கு 20 ஆகிறது. இரு மடங்கு என்று கேட்டால் மிரட்டும்; எண்ணிப் பார்த்தால் சொற்பம். வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்பவர்களிடம் இந்தக் கூடுதல் அபாயம் ஏறக்குறைய மறைந்தே போனது. உறவின்போது இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் பலர் திருமணத்துக்கு வெளியே, தம்மைவிட இளைய துணையுடன், பழக்கமில்லாத இடத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டோ குடித்தோ இருந்தவர்கள். ஒழுக்கத்தை விட்டுவிட்டாலும், பதற்றமும் மதுவும் நிரம்பிய வயிறும் இதயத்தின் வேலையைக் கூட்டும் என்பது நிற்கிறது. சாப்பிட்டபின் ஒன்றிரண்டு மணி நேரம் கழியட்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகவே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகையில் அவசரம் இல்லை, ஆனால் அடுத்த சில நாளில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்: உறவுக்குப் பின் 15 நிமிடம் ஆகியும் அடங்காத படபடப்பு அல்லது மூச்சிரைப்பு, அன்றிரவு தூக்கமில்லாமை, மறுநாள் முழுக்க நீடிக்கும் அசாதாரணச் சோர்வு. இந்த நிலையில் அடுத்த உறவைத் தள்ளிப்போட வேண்டும்.

இரண்டாவது வகை, உறவை நடுவில் நிறுத்தியே ஆக வேண்டியது: நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது தோளுக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம். ‘வாயுத்தொல்லை’ என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். நிறுத்தி, சாய்ந்து உட்கார வேண்டும். வீரிய மாத்திரை எதுவும் போடாதவர், மருத்துவர் எழுதித் தந்திருந்தால் ஒரு சார்பிட்ரேட்டை நாக்குக்கடியில் வைக்கலாம். 5 நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். கண் இருட்டி மயக்கம் வந்தால் அந்த 5 நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வீரிய மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடாமல் உடனே அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸில் வருபவரிடமும், அவசரப் பிரிவு மருத்துவரிடமும், போட்ட மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். நோயாளி வாய் திறக்காவிட்டால் மனைவி சொல்ல வேண்டும். நெஞ்சுவலி என்றதும் அங்கே கைக்கு எட்டும் மருந்துகளில் ஒன்று நைட்ரேட்.