காய்ச்சல் 104, நாடி 92

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பவர்களின் கால்கள் புல்லையும் சருகையும் உரசிக்கொண்டேதான் போகும். அப்படி வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். தலைவலி தாங்க முடியவில்லை, உடம்பெல்லாம் வலி. தெர்மாமீட்டர் 104 டிகிரி காட்டுகிறது. அதே நேரத்தில் நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறார். 92.

92 ஒன்றும் குறைவான எண் இல்லை. மாடிப்படி ஏறி வந்தவருக்கும் அவ்வளவு இருக்கும். ஆனால் 104 டிகிரியில் கொதிக்கும் உடம்புக்கு அது மிகக் குறைவு. காய்ச்சல் ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறினால் நாடி நிமிடத்துக்குப் பத்து துடிப்பு வரை கூடும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இவருக்குச் சாதாரண நாட்களில் நாடி 72 என்றால், 98.4-லிருந்து 104-க்குப் போன 5.6 டிகிரிக்கு 56 துடிப்பு கூடி, 128 பக்கம் நிற்க வேண்டும். 104 டிகிரியில் நாடி 120-ஐத் தொடாவிட்டாலே மந்தம் என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு ரிலேட்டிவ் பிராடிகார்டியா என்று பெயர். 'காய்ச்சலுக்கு ஏற்ப ஓடாத நாடி' என்று சொன்னால் நமக்குப் புரிந்துவிடும்.

சூடு ஏறினால் நாடி ஏன் ஓடுகிறது? இதயத்தின் மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு என்றொரு சிறு திசு இருக்கிறது. சூட்டில் அதன் மின்வேலை வேகமெடுக்கும். உடம்பு காய்ச்சலை எதிர்த்து நிற்கும்போது நரம்புகளும் அதை விரட்டும். ஆக, ஓடுவதுதான் இயல்பு. சில கிருமிகள் உள்ளே வந்தால் மட்டும் இந்த ஓட்டம் தடைபடுகிறது. டைபாய்டு, எலிக்காய்ச்சல், டெங்கு, சிலவகை நிமோனியா ஆகியவற்றோடு, நம் மலையடிவாரத் தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஸ்க்ரப் டைபஸும் இந்தப் பட்டியலில் உண்டு. பத்திரிகைகள் அதை உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி அல்ல இது. புல்நுனியில் காத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்ததே தெரியாது. தாய்லாந்தில் இந்தக் காய்ச்சல் கண்ட 100 பேரின் சூட்டையும் நாடியையும் சேர்த்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாடி மந்தமாகவே இருந்தது.

காரணம் என்ன என்று கேட்டால், ஒரே பதில் கிடையாது. டைபாய்டு கிருமியின் உறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு இதயத்தின் துடிப்புத் தொடக்கச் செல்களின் மின்னோட்டத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் உண்ணிக் காய்ச்சல் கிருமியான ஓரியன்ஷியாவின் உறையில் அந்த நச்சே இல்லை. டெங்குவோ வைரஸ், அதற்கும் அது இல்லை. இந்தக் கிருமிகளில் பல நம் செல்களுக்குள் புகுந்து வாழ்பவை என்ற ஒற்றுமை உண்டு. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வகையில் சேராது. அழற்சியில் சுரக்கும் சைட்டோகைன்கள் சைனஸ் கணுவை அடக்குகின்றன, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது, சிலரிடம் இதயத் தசையையே நோய் தொட்டுவிடுகிறது என்றெல்லாம் விளக்கங்கள் இருக்கின்றன. நோய்க்கு நோய் வழி வேறாக இருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இந்த அடையாளத்தை முதலில் பேசவைத்தது நம் ஊரில் இல்லாத மஞ்சள் காய்ச்சல். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மருத்துவர் ஃபாஜே அதை மலேரியாவிலிருந்து பிரித்தறிய நாடியைப் பார்த்தார். சூடு குறையாமல் நிற்கும்போதே நாடி இறங்கியது. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் விரலும் கடிகாரமும்தான் ஆய்வகம். (நம் சித்த மருத்துவரும் நாடி பிடிக்கிறார்தான். அவர் பார்ப்பது வாதம், பித்தம், கபம். இது வெறும் எண்ணிக்கை.)

டைபாய்டையும் உண்ணிக் காய்ச்சலையும் பிரிப்பது இன்றும் எளிதில்லை. இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1948-இல் ஜோசப் ஸ்மாடெல், தியோடர் உட்வர்ட் ஆகியோரின் அமெரிக்கக் குழு உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகாலைச் சோதிக்கக் கோலாலம்பூருக்குப் போனது. மலாயாத் தோட்டங்களில் அந்தக் காய்ச்சல் பழக்கமானது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களுக்கும் காய்ச்சல் விட்டது. டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது இந்தத் தவறான கணிப்பால்தான்.

இன்று அதே தவறு செய்தால் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. விடால் பரிசோதனை பழைய தொற்றாலும் பாசிட்டிவ் காட்டும். அதை நம்பி டைபாய்டு என்று செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டால், உண்ணிக் காய்ச்சல் கிருமி அதற்கு அசையாது. அதற்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். சரியான மருந்து போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். நிலை முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது நல்லது என்று, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

ஆகவே நம் பால்வெட்டுக்காரரின் 92, ஒரு நோயின் பெயரைச் சொல்வதில்லை. வழியைத்தான் காட்டுகிறது. சட்டையைக் கழற்றி அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு எல்லாம் பார்க்கச் சொல்கிறது. சிகரெட்டால் சுட்டது போன்ற, வலிக்காத கரிய பொருக்கு ஒன்று கிடைத்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. எல்லோருக்கும் அது வருவதில்லை என்பதால், கிடைக்காவிட்டால் ரத்தத்தில் ஐஜிஎம் எலிசா பார்க்க வேண்டும். நாடி வேகமாக ஓடினால் இந்த நோய்கள் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது.

கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி எந்தக் காய்ச்சலிலும் ஓடாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் இந்த எண்ணிக்கை உதவாது. வருடக்கணக்கில் மலையேறி உழைத்தவருக்கு இயல்பு நாடியே 55 இருக்கலாம். சூட்டையும் நாடியையும் ஒரே நேரத்தில் பார்க்காமல், காலையில் ஒன்று, பாராசிட்டமால் போட்ட பிறகு இன்னொன்று என்று எழுதிவைத்தாலும் பயனில்லை. 102 டிகிரிக்குக் கீழே இதைப் பார்ப்பதும் வீண். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்று, மந்தமாக இருந்த நாடி திடீரென்று ஏறினால் அது நல்ல சேதி அல்ல. டைபாய்டில் சூடு இறங்க நாடி எகிறினால் குடலில் ரத்தக்கசிவோ ஓட்டையோ ஏற்பட்டிருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாளில் கைகால் சில்லிட்டு நாடி வேகமெடுத்தால் ரத்த ஓட்டம் குலைகிறது என்று பொருள். இரண்டிலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐந்து நாள் காய்ச்சலோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் மூன்று விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்: எந்தத் தோட்டத்தில், எந்தக் காட்டோரத்தில் வேலை, ரத்த அழுத்த மாத்திரை உண்டா, உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா. மூன்றாவதைக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம்.