வாக்கரைத் தொட மறுக்கும் பிள்ளை

மூளை முடக்குவாதம் உள்ள 15 வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். வாக்கர் பிடித்து நடப்பாள். பேச்சு கொஞ்சம் குழறும். மூன்று வாரமாக வாக்கரைத் தொடுவதில்லை, பிசியோதெரபிக்கும் வர மறுக்கிறாள். ‘வயசுக்கு வந்ததிலிருந்து பிடிவாதம்’ என்கிறார் அம்மா. ‘தசை இறுகியிருக்கு, வலிக்கும்’ என்கிறார் பிசியோதெரபிஸ்ட். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் ராத்திரி தூங்குகிறாளா, பள்ளியில் யாருடன் சாப்பிடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உடல்குறை கண்முன் நிற்பதால் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கிவிடுகிறோம். மனச்சோர்வும் பதற்றமும் அதன் பின்னால் மறைந்துபோகின்றன.

இந்த வயதில் ஏன்?

வளரிளம் பருவத்தில் எலும்பு வேகமாக நீளும். இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. எடையும் கூடும். பத்து வயதில் நன்றாக நடந்த பிள்ளைகள் சிலருக்குப் பதினைந்தில் நடை குறைந்துபோவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்குகிற பிள்ளை, உண்மையில் தன்னிடம் இருந்த ஒன்றை இழந்துகொண்டிருக்கிறது. இடுப்பிலும் முதுகிலும் தினசரி வலி சேர்ந்தால் மனம் இன்னும் சோரும். இதே நேரத்தில்தான் தோழிகள் சைக்கிளில் டியூஷனுக்குக் கிளம்புகிறார்கள்.

எதைக் கவனிப்பது?

மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இவள் எப்படி இருந்தாள் என்று பாருங்கள். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வருவதில்லை. பல சமயம் எரிச்சலாகவே வெளிப்படும். பிடித்த சீரியலைக்கூடப் பார்க்காமல் இருப்பது, தூக்கம் கெடுவது, பள்ளி கிளம்பும்போது மட்டும் வயிறு வலிப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம்.

பள்ளி நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்தால், அங்குள்ள கழிப்பறைக்குள் வாக்கர் நுழையுமா என்று முதலில் பாருங்கள். கழிப்பறைக்குப் போக முடியாதோ என்ற இந்தப் பதற்றத்துக்கு மருந்து, கதவை அகலமாக்குவதும் உதவிக்கு ஓர் ஆளை வைப்பதும்தான். விடுமுறையிலும் சாப்பாடு, தண்ணீர் குறைந்தால் காரணம் கழிப்பறை மட்டுமல்ல.

பேச முடியாத பிள்ளையிடம் கையைக் கடிப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, உடல் விறைப்பு கூடுவது போன்ற மாற்றங்கள் தெரியலாம். அப்போது பல்வலி, மலச்சிக்கல், இடுப்பு மூட்டு வலி காரணமா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிடம் போன்ற மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் தரும். அந்தச் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும்.

கேட்பதற்கு ஓர் இடம்

மற்ற பிள்ளைகள் கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குளிப்பாட்டவும் உடுத்தவும் அம்மா வேண்டியிருக்கிற பெண்ணுக்கு அந்தக் கதவே இல்லை. மருத்துவர் கேட்கும் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார். அதனால் பத்து நிமிடம் வெளியே இருந்து, மருத்துவரிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். அவள் அதிகம் நம்புவது சித்தியையா, அண்ணனையா என்று கேட்டு, அவள் விரும்பினால் அவர்களை உடன் உட்கார வையுங்கள்.

தசையை இழுத்துப் பயிற்சி கொடுக்கும்போது மனசு விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். வலியிலிருக்கும் பிள்ளை ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்லும். வேறு நேரத்தில் அவள் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். குழறும் பேச்சை நீங்களே முடித்துவைக்காமல், சொல் வரும்வரை காத்திருங்கள். ‘இனிமே நடக்கவே முடியாதாம்மா?’ என்று கேட்டால், ‘எல்லாம் சரியாயிடும்’ என்பது அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடும். ‘அதை நினைச்சு ரொம்ப நாளா பயந்துட்டிருக்கியா?’ என்று கேட்டால் மேலே பேசுவாள்.

படப் பலகையைக் காட்டிப் பேசுகிற பிள்ளை என்றால், அந்தப் பலகையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இருக்கும். ‘பயமா இருக்கு’, ‘கோபம்’, ‘என்னைத் தனியா விடு’ இருக்கின்றனவா? இல்லாத சொல்லை அவள் எப்படிக் காட்டுவாள்?

தாமதிக்கக் கூடாத தருணம்

‘என்னாலதான் உங்களுக்கு இவ்வளவு செலவு’, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு வந்தால் அதட்டி அடக்காதீர்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டிலுள்ள வலிப்பு மாத்திரை, தசை இறுக்க மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வைத்து, வேளைக்கு உரியதை மட்டும் கையில் கொடுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லாமல் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். பிள்ளையால் போனில் பேச முடியாவிட்டால், அவள் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் பேசலாம்.