தண்டில் பொந்து, கதிரில் பதர்

வயலில் நிற்கும்போது காலிஃபிளவர் செடியில் ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம். இலை பச்சையாக இருக்கும், பூவும் ஓரளவு பருத்திருக்கும். அறுவடை செய்து அடித்தண்டை நீளவாக்கில் பிளக்கும்போதுதான் விஷயம் வெளிப்படும். தண்டின் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்திருக்கும். அதன் உட்சுவர் பழுப்பேறி, குறுக்கே வெடித்து, சில இடங்களில் நீர் கோத்துப் பொதபொதவென்று இருக்கும். இன்னும் முற்றிய நிலையில் பூவின் மேலேயே துருநிறத் திட்டுகள் வந்துவிடும். அதைச் சமைத்தால் கசக்கும். சந்தையில் கழித்துப் போடுவார்கள்.

இப்படிப் பொந்து விழக் காரணம் பூச்சியோ பூசணமோ அல்ல, போரான் என்ற நுண்ணூட்டத்தின் பற்றாக்குறை. பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரத்தில் இருப்பது இந்தச் சத்துதான்.

செடிக்குப் போரான் தேவை என்பதே நூறாண்டுக்கு முன்புதான் உறுதியானது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்ரின் வாரிங்டன் என்ற பெண் விஞ்ஞானி அகன்ற அவரைச் செடிகளைச் சத்துக் கலந்த நீரில் வளர்த்தார். போரிக் அமிலம் துளியளவு சேர்த்த செடிகள் பூத்துக் காய்த்தன. அது இல்லாத செடிகளின் நுனி கருகிச் செத்தது. 1923இல் அவர் இதை வெளியிட்டார். ஆனால் அந்தத் துளிச் சத்து செடிக்குள் என்ன வேலை செய்கிறது என்பது தெரியவர இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. செல்லுலோஸ் இழைகள் அதற்குப் பலம் தருகின்றன. அந்த இழைகளுக்கு இடையே பெக்டின் என்ற பசை நிரம்பியிருக்கிறது. பழ ஜாமைக் கெட்டியாக்குவதும் இந்தப் பெக்டின்தான். வளரும் செல்லில் சுவர் இளகியும் இருக்க வேண்டும், பிய்ந்துபோகாமலும் இருக்க வேண்டும். 1996இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் பெக்டினின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பிரித்தெடுத்துப் பார்த்தன. ராம்னோகேலக்டுரோனன்-2 என்பது அதன் பெயர். இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக அல்ல, இரண்டிரண்டாகப் பிணைந்திருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே சட்டைப் பொத்தானாக ஒரே ஒரு போரான் அணு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

அந்தப் பிணைப்பு இவ்வளவு முக்கியமா என்ற கேள்விக்கு 2001இல் விடை கிடைத்தது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இந்தப் பெக்டின் பகுதியைச் சரியாகக் கட்டத் தேவையான சர்க்கரை ஒன்றைச் செய்ய முடியாத மரபு மாற்ற வகை உண்டு. அதன் பெக்டினில் போரான் சரியாகப் பிடிப்பதில்லை. செடி குட்டையாக நின்றுவிடுகிறது. அதற்குப் போரிக் அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தபோது, பலவீனமான பிணைப்பும் எண்ணிக்கையில் கூடியது. செடி நன்றாக வளர்ந்தது. குட்டை உருவத்துக்கும் சுவரில் உள்ள பிணைப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை இந்தப் பரிசோதனை காட்டிவிட்டது.

இப்போது காலிஃபிளவர் தண்டுக்குத் திரும்பலாம். தண்டின் நடுவில் இருக்கும் சோற்றுப்பகுதி பூ பருக்கும் காலத்தில் வேகமாக விரிகிறது. புதிதாகப் பிறக்கும் செல்லின் சுவரில் பிணைப்பு போதாவிட்டால், சுவர் தடித்து வீங்கும். ஆனால் உறுதி இராது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. முதலில் நீர் கோத்த நீள்கீற்றுகள் தெரியும். அவையே பிறகு கிழிந்து ஒன்றுசேர்ந்து பொந்தாகின்றன. சிதைந்த செல்களிலிருந்து வெளிவரும் பொருள்கள் காற்றுப் பட்டதும் பழுப்பாகின்றன.

இந்தப் பழுப்பைக் கவனிப்பது அவசியம், ஏனென்றால் தண்டு பொந்தாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. யூரியாவை அள்ளிப் போட்டு, செடிக்குச் செடி இடைவெளியும் அதிகம் விட்டால், தண்டு மிதமிஞ்சிய வேகத்தில் பருத்து நடுவில் பிளக்கும். அப்படிப்பட்ட பொந்தின் உட்சுவர் பெரும்பாலும் வெளுப்பாக, சுத்தமாக இருக்கும். அந்த வயலில் வெண்காரம் போடுவது வீண். தழைச்சத்தைத்தான் குறைக்க வேண்டும். பழுப்பும் வெடிப்பும் சேர்ந்து இருந்து, நுனி இலைகள் தடித்து நொறுங்கினால் போரானைச் சந்தேகிக்கலாம். மண், இலைப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பற்றாக்குறை ஏன் எப்போதும் இளம் பாகத்தில் தெரிகிறது? வேர் உறிஞ்சும் போரான் பெரும்பாலும் நீரோடு ஏறுகிறது. எந்த இலை அதிகம் நீரை ஆவியாக்குகிறதோ அங்கே அதிகம் போய்ச் சேர்கிறது. சேர்ந்தபின், பெரும்பாலான பயிர்களில், அது அங்கிருந்து நகர்வதில்லை. தழைச்சத்து குறைந்தால் கிழட்டு இலையிலிருந்து குருத்துக்குச் சத்து இறங்கி வரும். போரானுக்கு அந்த வழி இல்லை. வெளி இலைகளுக்குள் பொதிந்திருக்கும் காலிஃபிளவர் பூ நீரை அதிகம் ஆவியாக்க முடியாது. அதனால் முற்றிய இலையில் போரான் இருந்தும் பூவும் தண்டின் உட்பகுதியும் பட்டினி கிடக்க நேரிடும். மண் காய்ந்துகிடந்தாலும் இதே கதைதான்: நீர் ஏறாவிட்டால் சத்தும் ஏறாது.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது கோதுமை. நேபாளத்தின் தராய்ச் சமவெளி, வட வங்காளம், வங்கதேசத்தின் வடமேற்கு, தாய்லாந்தின் சியாங் மாய் ஆகிய இடங்களில் கோதுமை செழிப்பாக வளர்ந்து கதிர் தள்ளியும், மணி பிடிக்காமல் பதராகிப் போவது பல காலம் விவசாயிகளைக் குழப்பியது. புல்லினப் பயிர்களின் செல் சுவரில் பெக்டின் குறைவு. அதனால் இலைக்கும் தண்டுக்கும் தேவைப்படும் போரான் அவரையும் கோசும் கேட்பதில் சிறு பங்குதான். இலையில் எந்த அறிகுறியும் வராது. ஆனால் மகரந்தப் பைக்கும் சூலகத்துக்கும் தேவை அதைவிட மிக அதிகம். கதிர் வெளிவருமுன் இலையுறைக்குள் மூடிக் கிடக்கும் நாட்களில்தான் மகரந்தம் உருவாகிறது. மூடிக் கிடப்பதால் நீராவிப் போக்கும் குறைவு. குளிரோ நீர்த் தேக்கமோ கூடச் சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும். பாதிக்கப்பட்ட மகரந்தப் பைகள் சுருங்கிப்போகும். பூத்த சில நாட்களில் உமிகள் வாய் பிளந்து நிற்கும். கதிரை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே மணி இல்லாத இடங்களில் ஒளி ஊடுருவும். சியாங் மாயில் ஒரே மண்ணில் விதைத்தும், எஸ்.டபிள்யூ. 41 என்ற ரகம் பதராகி, ஃபாங் 60 என்ற ரகம் மணி பிடித்தது. எனவே ரகத் தேர்வும் இங்கே ஒரு மருந்துதான்.

மகரந்தம் நல்லபடியாக உருவாகிச் சூலகமுடியில் விழுந்தாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு மகரந்தத் துகளும் ஒரு நுண்குழாயை நீட்டி, சூல்தண்டைத் துளைத்துச் சென்று, சூலை அடைய வேண்டும். மக்காச்சோளத்தில் இந்தக் குழாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வரை ஓடும். நீண்ட பட்டிழைகளில் ஒரு நாள் பயணம். குழாய் வளர்வது அதன் நுனியில் மட்டும். அந்த நுனியின் சுவர் பெரும்பாலும் பெக்டின். உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே நொடிக்கு நொடி புதிய சுவரைக் கட்டிச் செல்ல வேண்டும். தண்டில் பார்த்த அதே பிணைப்பு இங்கேயும் வேண்டும். போரான் இல்லாத ஊடகத்தில் மகரந்தத்தை முளைக்க வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பல துகள்கள் முளைப்பதே இல்லை. முளைத்தவற்றின் நுனி உப்பி வெடித்து, உள்ளிருப்பது வெளியே சிதறும்.

பெரும்பாலான மகரந்தத்தில் சொந்தப் போரான் கையிருப்பு சொற்பம். அதை வழியில் சூலகமுடியும் சூல்தண்டும்தான் தருகின்றன. 1930களில் ஜெர்மானிய ஆய்வாளர் தியோடர் ஷ்முக்கர் வெப்பமண்டல அல்லியின் மகரந்தத்தை முளைக்க வைக்கப் போராடி, சூலகமுடியில் ஊறும் திரவத்தில் இருக்கும் போரான்தான் அதைத் தூண்டுகிறது என்று கண்டார். 1963இல் ப்ரூபேக்கரும் க்வாக்கும் தந்த முளைப்பு ஊடகம் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போரிக் அமிலம் கட்டாயம் இருக்கும்.

ஆகவே தாய்ச்செடியின் பூவில் போரான் குறைந்தால், தேனீ வந்தும் மகரந்தம் விழுந்தும் பிஞ்சு பிடிக்காது. பூ கொட்டும், அல்லது சில விதை மட்டும் பிடித்துக் காய் கோணலாகும். வெப்பம், மழை, தேனீப் பஞ்சம் ஆகியவற்றாலும் பூ கொட்டும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. மொட்டுப் பருவத்தில் சில வரிசைக்கு மட்டும் தெளித்து, பக்கத்து வரிசையோடு காய்ப்பிடிப்பை எண்ணி ஒப்பிடுவது எளிய வழி.

எவ்வளவு போடுவது என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கொதிநீரில் கரையும் போரான் மண்ணில் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பற்றாக்குறை என்பார்கள். ஒரு ஏக்கர் காலிஃபிளவருக்கு நடவுக்கு முன் 4 கிலோ வெண்காரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் போரான் சுமார் 11 விழுக்காடு, அதாவது 450 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை தோராயமாக 800 டன். கணக்குப் போட்டால், இட்ட அளவு மண்ணில் அரை பிபிஎம் அளவுக்குச் சற்று மேல் கூட்டும். பற்றாக்குறையைத் தீர்க்கும் அளவு அதுதான். சதுர மீட்டருக்கு 1 கிராம்தான் விழ வேண்டும். அதனால் மணலோ தொழுவுரமோ கலந்து பரப்பாகத் தூவ வேண்டும். குவியலாக விழுந்த இடத்தில் இலை விளிம்பு கருகும். அளவு பலமடங்கானால், அடுத்து பீன்ஸ் போடும் விவசாயி அடிபடுவார். பீன்ஸ் மிகுதிப் போரானைத் தாங்காது.

மண்ணில் போட்டதும் பெருமழை பெய்தால், மணற்பாங்கான நிலத்தில் போரான் நீரோடு கீழே இறங்கிவிடும், ஏனெனில் அது மின்னேற்றமில்லாத சிறு மூலக்கூறாகவே மண்ணீரில் கரைந்திருக்கிறது. சுண்ணாம்பு அதிகம் இட்ட நிலத்தில் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நிலங்களிலும் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் போரிக் அமிலத்தை இலைவழியாகத் தெளிப்பது கைகொடுக்கும். ஆனால் தெளித்தது தொட்ட இலையோடு நின்றுவிடும் என்பதால், புதிய இலை வரவரத் திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கும். காலிஃபிளவரில் பூ உருவாகும் முன்பே தொடங்க வேண்டும். பொந்து விழுந்த தண்டை எதுவும் அடைக்காது.

பாதாம், பிளம், ஆப்பிள் வகை மரங்கள் இதற்கு விலக்கு. அவை இலையில் சார்பிட்டால் என்ற சர்க்கரையை உண்டாக்குகின்றன. போரான் அதோடு ஒட்டிக்கொண்டு இலையிலிருந்து மொட்டுக்கு நகர்கிறது. அதனால் அமெரிக்காவின் ஓரிகனில் இத்தாலியப் பிளம் மரங்களுக்கும், கலிஃபோர்னியாவில் பாதாமுக்கும், அறுவடை முடிந்து இலை உதிரும் முன் போரான் தெளித்தபோது அடுத்த வசந்தத்தில் காய்ப்பிடிப்பு கூடியது. தக்காளிக்கு அந்த வசதி இல்லை. மொட்டு விரியும் முன் அந்த மொட்டின் மேலேயே தெளிப்பு விழ வேண்டும்.