மேகம் வளர்வதும் நிற்பதும் எதனால்?

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னைவாசிகள் அடிக்கடி காணும் காட்சி இது. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் ஒரே வெயில், ஒரே புழுக்கம். முதல் நாள் மாலை வானத்தில் சிறு மேகங்கள் தோன்றிக் கலைந்துவிடுகின்றன. மறுநாள் மேற்கே மேகம் கோபுரமாக எழுந்து, இரவில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. ‘இவ்வளவு வெயில் அடித்தால் மழை வந்தே தீரும்’ என்பது பலரின் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி, தலைக்கு மேலே இருக்கும் காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனுக்கு அவ்வளவு தூரம் அருகில் இருந்தும் அங்கே ஏன் குளிர்கிறது? வெயிலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் ஊடுருவிக்கொண்டு தரைக்கு வந்துவிடுகிறது. சூடாவது முதலில் தரை. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அடுத்து. ஆனால் சூடான காற்று மேலே எழும் என்றால், அந்தச் சூட்டையும் கூடவே கொண்டுபோக வேண்டாமா? இங்கேதான் காற்றழுத்தம் குறுக்கே வருகிறது.

தரையில் இருக்கும் காற்று, தனக்கு மேலே உள்ள மொத்தக் காற்றின் எடையையும் தாங்குகிறது. மேலே போகப் போக அந்த எடை குறைகிறது. சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். எனவே மேலெழும் காற்று விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் சொந்த வெப்பத்திலிருந்தே செலவழிக்கிறது, அதனால் குளிர்ந்துபோகிறது. வெப்பம் வெளியே எங்கும் கசியவில்லை என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் பம்பில் காற்றடிக்கும்போது குழாயின் அடிப்பகுதி சுடுகிறதே, அது இதன் மறுபக்கம்: அங்கே காற்றை நசுக்குகிறோம், அது சூடாகிறது, வானத்தில் காற்று விரிகிறது, குளிர்கிறது.

இப்படிக் குளிரும் வேகம் நாளுக்கு நாள் மாறாது. மேகமாகாத காற்று எங்கே எழுந்தாலும், கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது.

இனி ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிற்பகலில் தரையருகே வெப்பம் 36 டிகிரி. அந்தக் காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி துளிகளாகும் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவைப் பனிநிலை என்கிறார்கள். கடலோரத்துப் புழுக்க நாளில் இது சாதாரணம். வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். இங்கே வித்தியாசம் 12. எனவே மேகம் 1,500 மீட்டரில் பிறக்கிறது. அந்த உயரத்தை அடையும்போது காற்றின் வெப்பநிலை சுமார் 21 டிகிரி.

மேகம் பிறந்ததும் ஆட்டம் மாறுகிறது. தண்ணீரை ஆவியாக்க வெப்பம் செலவாகிறது அல்லவா? ஆவி மீண்டும் துளியாகும்போது அந்த வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு கிலோ காற்றில் ஒரே ஒரு கிராம் நீராவி துளியானால்கூட, அந்தக் காற்றை இரண்டு டிகிரிக்கு மேல் சூடாக்கும் அளவு வெப்பம் வெளிப்படுகிறது. எனவே மேகத்துக்குள் எழும் காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. நம் ஊரின் ஈரக் காற்றில், கீழ்ப்பகுதியில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 4 டிகிரிதான். நீராவி தீரத் தீர மேலே இந்த வேகம் மீண்டும் கூடும்.

சுற்றியிருக்கும் காற்றின் நிலை வேறு. அது எழும் காற்று அல்ல, அங்கேயே இருப்பது. அதன் வெப்பநிலை, காற்று எங்கிருந்து வீசுகிறது, வேறு உயரங்களில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். உலக சராசரியில் அது கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். மேகத்தின் விதி இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது: எழும் காற்று சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருந்தால் இலேசாகி மேலும் எழும், குளிர்ந்திருந்தால் கனத்துக் கீழே இறங்கும்.

முதல் நாள், 2 கிலோமீட்டர் உயரத்தில் சூடான காற்றடுக்கு ஒன்று படர்ந்திருக்கிறது. அங்கே வெப்பநிலை 22 டிகிரி. மேகக் காற்று அந்த உயரத்துக்கு வரும்போது 19 டிகிரிக்கு வந்துவிட்டது. சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சி, கனம். அங்கேயே அடங்கிவிடுகிறது. இதுதான் நிலையான காற்று. தட்டையான குட்டி மேகங்களோடு அன்றைய கதை முடிந்தது.

மறுநாள் அதே தரை, அதே வெப்பம், அதே ஈரம். ஆனால் 2 கிலோமீட்டரில் 18 டிகிரிதான். 19 டிகிரியோடு வரும் மேகக் காற்று தொடர்ந்து எழுகிறது. 5 கிலோமீட்டரில் சுற்றுப்புறம் உறைநிலையைத் தொட்டிருக்க, மேகத்துக்குள் இருப்பதோ 5 டிகிரி. வித்தியாசம் கூடக் கூட மேலே தள்ளும் விசையும் கூடுகிறது. இதுதான் நிலையற்ற காற்று. இந்த எழுச்சி 15, 16 கிலோமீட்டர் வரைகூடப் போகலாம். அதற்கு மேல், உயரம் கூடினால் வெப்பநிலையும் கூடும் அடுக்கு தொடங்குகிறது. எந்த மேகத்துக்கும் அது பெரும் தடை. அதனால்தான் இடிமேகத்தின் உச்சி அங்கே தட்டையாகப் பக்கவாட்டில் விரிகிறது.

இந்த வித்தியாசத்தைத் தரையில் நின்று வெப்பமானியைப் பார்த்து அறிய முடியாது. அதற்காகத்தான் மீனம்பாக்கம் உட்பட உலகெங்கும் பல வானிலை நிலையங்களிலிருந்து, கருவி கட்டிய பலூன்கள் மேலே அனுப்பப்படுகின்றன. வழியெல்லாம் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலையில் கீழே அனுப்புகின்றன. இந்திய நேரப்படி காலை, மாலை 5.30 மணி நிலவரத்துக்கான அளவீடு இது. முன்கணிப்பாளர், எழும் காற்றின் கோட்டையும் சுற்றுப்புறத்தின் கோட்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்.

அப்படிப் பார்த்தும் கணிப்பு தவறுவதுண்டு. காற்று நிலையற்றதாக இருந்தாலும், அதை முதலில் மேலே தூக்கிவிட ஏதாவது வேண்டும். மலைச்சரிவு அதைச் செய்யும். சென்னைப் பக்கம், மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றும் கடற்காற்றும் முட்டிக்கொள்ளும் இடம் செய்யும். அந்த முட்டல் எங்கே நிகழும் என்பதைத் தெருக்கணக்கில் சொல்ல முடியாது. தாம்பரத்தில் மழை, அண்ணா நகரில் வெயில் என்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு: நடு உயரத்தில் காற்று வறண்டிருந்தால், அது மேகத்துக்குள் கலந்து துளிகளை ஆவியாக்கிக் குளிரவைத்து, வளர்ந்த மேகத்தையும் கரைத்துவிடும்.

நாமே வானத்தைப் பார்த்துச் சிலவற்றை ஊகிக்கலாம். புகை மேலே போகாமல் கிடைமட்டமாகப் பரவுகிறதா, மேகங்கள் அகலமாக இருந்தும் உயரவில்லையா? காற்று நிலையாக இருக்கிறது. முற்பகலிலேயே மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்கின்றனவா, அவற்றின் தலை கூர்மையான விளிம்போடு பொங்கிக்கொண்டே இருக்கிறதா? காற்று நிலையற்றது. அந்தக் கூர்மையான விளிம்பு மங்கி, உச்சி இழை இழையாக விரியத் தொடங்கினால் அங்கே பனிக்கட்டித் துகள்கள் உருவாகிவிட்டன. மின்னலுக்கான நேரம் நெருங்கிவிட்டது. வயலிலோ மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ இருப்பவர்கள் முதல் இடிச் சத்தத்துக்குக் காத்திருக்காமல் அப்போதே கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள்.