ஜூம் பதிவு: இணைப்பா, கோப்பா?

ஜூம் கூட்டத்தின் பதிவு இரண்டு இடங்களில் ஒன்றில் போய்ச் சேரும். கணினியிலேயே பதிவு செய்தால், அந்தக் கணினியின் Documents கோப்புறைக்குள் Zoom என்ற பெயரில் உள்ள கோப்புறையில் கிடக்கும். கட்டணம் செலுத்தாத கணக்குக்கு இந்த வழி மட்டும்தான். கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் கிளவுடிலும் பதிவு செய்யலாம். அப்போது பதிவு ஜூமின் சர்வரில் இருக்கும். கணினியில் செய்த பதிவை ஜூம் இணையதளத்தில் போய்த் தேடுவோர் நிறையப் பேர். அங்கே அதன் பெயர் பட்டியலில் தெரிந்தாலும், தெரிவது பெயர் மட்டுமே. வேறு கணினியிலிருந்து எவ்வளவு தேடினாலும் கோப்பு கிடைக்காது.

கிளவுட் பதிவு கூட்டம் முடிந்த உடனே கைக்கு வராது. பதிவான நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் அது பதப்படுத்தலில் இருக்கும். நெரிசலான நாட்களில் 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடந்த வெபினார் என்றால், பிற்பகல் இரண்டரை மணிவாக்கில் எதிர்பார்க்கலாம். பதிவு தயாரானதும் நடத்தியவருக்கு மின்னஞ்சல் வரும். அதன் பிறகு zoom.us தளத்தில் நுழைந்து, இடப்பக்கப் பட்டியலில் Recordings பகுதிக்குப் போய், கூட்டத்தின் தலைப்பை அழுத்த வேண்டும்.

அங்கே ஒரே ஒரு வீடியோ இருக்கும் என்று நினைத்துப் போனால் குழப்பம்தான். அமைப்புகளைப் பொறுத்து, திரைப்பகிர்வோடு பேசுபவர் முகம் தெரியும் வீடியோ, எல்லோரும் கட்டங்களில் தெரியும் வீடியோ, குரல் மட்டும் உள்ள M4A கோப்பு, பேச்சின் எழுத்து வடிவம், அரட்டைக் கோப்பு எனத் தனித்தனியாக இருக்கும். Download என்பதை அழுத்தினால் இவை எல்லாம் வரிசையாக இறங்கத் தொடங்கும். உரையை மட்டும் கேட்க விரும்புவோருக்கு M4A போதும். வீடியோவை விட அது மிகச் சிறியது.

இறக்கிய கோப்பை அனுப்புவதா, இணைப்பை அனுப்புவதா என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் இணைப்பே மேல். ஒரு மணி நேர வீடியோ ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து ஸ்லைடு எழுத்துகள் மங்கிப்போகும். Document ஆக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. Share பொத்தானில் கிடைக்கும் இணைப்புக்குக் கடவுச்சொல் வைக்கலாம், காலாவதி நாள் குறிக்கலாம், பார்ப்பவர் பதிவிறக்குவதைத் தடுக்கலாம். எல்லாவற்றையும் விட, தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தால் பகிர்வை அணைத்துவிடலாம். கைமாறிய கோப்பை அப்படித் திரும்பப் பெற முடியாது.

2020 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்ட செய்தி இதைக் காட்டியது. கடவுச்சொல் இல்லாத இணையச் சேமிப்பிடங்களில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான ஜூம் பதிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. ஜூம் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே பாணியில் பெயர் வைத்ததால் அவற்றைத் தேடிப் பிடிப்பதும் எளிதாயிற்று. கோப்பை இறக்கியவுடன் பெயரை மாற்றி, கூட்டத்தின் பொருளும் நாளும் தெரியும்படி வைப்பது இதனால்தான் நல்லது.

வெட்டும் வசதியில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஞாயிறு வெபினாரில், பேச்சாளர் வருவதற்கு முன் ஒருங்கிணைப்பாளர்கள் பத்து நிமிடம் வீட்டுக்கதை பேசியதும் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இணையதளத்தில் பதிவைத் திறந்து, தொடங்கும் புள்ளியைப் பதினோராம் நிமிடத்துக்கு நகர்த்திவிட்டால், இணைப்பு வழியே பார்ப்பவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஆனால் இது ஓடும் எல்லையை மட்டும் குறிப்பது; மூலக் கோப்பு வெட்டப்படுவதில்லை. பதிவிறக்கினால் முழு வீடியோ வரும், வீட்டுக்கதையும் சேர்த்துத்தான். யூடியூபில் ஏற்றப்போகிறவர்கள் இறக்கிய கோப்பை ஒரு வீடியோ எடிட்டரில் வெட்டியே ஆக வேண்டும். இணைப்பை மட்டும் தருகிறவர்கள் பதிவிறக்க அனுமதியை அணைத்துவிட வேண்டும்.

அரட்டைக் கோப்பும் கவனத்துக்குரியது. கணினியில் செய்த பதிவின் அரட்டையில், பதிவு செய்தவருக்கு வந்த தனிச் செய்திகளும் இருக்கக்கூடும். அதைத் திறந்து படிக்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

பகிர்ந்து முடித்தபின் கிளவுடில் இடம் குறைகிறதென்று பதிவை அழித்தால், அனுப்பிய இணைப்பும் அதோடு செத்துவிடும். அழித்த பதிவு 30 நாட்கள் Trash பகுதியில் இருக்கும், அதற்குள் மீட்டெடுக்கலாம். அதன் பிறகு ஜூமிலிருந்து அதைத் திரும்பப் பெற வழியில்லை.